கிச்சன் மேடைக்கும் படிக்கும் கிரானைட்: பெரிய ஸ்லாப்பா, கட்டர் ஸ்லாப்பா, ரெடி படி பீஸா?

வீட்டு வேலை கடைசி கட்டத்துக்கு வந்தவுடனே எல்லாரும் மாட்டிக்கிற கேள்வி இது. கிச்சன் மேடைக்கும் படிக்கும் சேத்து எத்தனை சதுர அடி கிரானைட் வாங்கணும்னு கேட்டா, மேஸ்திரி நீள அகலத்தைப் பெருக்கி அதுமேல 10 சதவீதம் வேஸ்டேஜ் போட்டு ஒரு நம்பர் சொல்லிடுவாரு. டைல்ஸுக்கு அந்தக் கணக்கு ஓரளவு ஒத்துவரும், ஏன்னா டைல்ஸ் பெட்டிக்கணக்குல வருது. கிரானைட் அப்படி இல்ல, முழு முழு ஸ்லாப்பா வருது, நம்ம பீஸ் அந்த ஸ்லாப்புக்குள்ள எப்படி உக்காருதுங்கறதுதான் வேஸ்டேஜ். அதனால எந்த ஸ்லாப் வாங்குறதுனு முடிவு பண்ணாம எத்தனை சதுர அடினு சொல்லவே முடியாது.

மூணு வழி இருக்கு. மேடை, படி ரெண்டுக்கும் பெரிய ஸ்லாப் வாங்கி வெட்டிக்கலாம், இல்ல அகலம் கம்மியான கட்டர் ஸ்லாப் வாங்கலாம், இல்ல மேடைக்கு மட்டும் பெரிய ஸ்லாப் வாங்கிட்டு படிக்கு ரெடியா வெட்டின பீஸ் வாங்கலாம். மூணையும் ஒரே வீட்டுக்குப் போட்டுப் பாப்போம்.

## எதை வெச்சு ஒப்பிடணும்

நான் பாக்குறது நாலு விஷயம். மொத்தம் எவ்ளோ சதுர அடிக்குக் காசு குடுக்குறோம், மேடைல எத்தனை ஜாயிண்ட் வருது, ஓர பாலிஷ் எத்தனை ரன்னிங் அடி, ஒரு பீஸ் உடைஞ்சா மாத்து இருக்கா. சதுர அடி ரேட்டை இந்த லிஸ்ட்ல வேணும்னேதான் விட்டிருக்கேன். கட்டர் ஸ்லாப் ரேட் பொதுவா கம்மியாதான் இருக்கும், ஆனா எவ்ளோ வாங்கணும்னு தெரியாம ரேட்டை மட்டும் பாத்துப் பேசி பிரயோஜனம் இல்ல.

## முதல்ல நம்ம தேவை எவ்ளோ

மேடை எல் ஷேப். ஒரு சுவர் பக்கம் 10 அடி, இன்னொரு பக்கம் 8 அடி. கட்டின மேடை ஆழம் 24 இஞ்சு, முன்னாடி 1 இஞ்சு வெளிய நீட்டணும், அப்போ கல்லு 25 இஞ்சு. 10ஐயும் 8ஐயும் கூட்டி 18 அடினு பெருக்கிடாதீங்க, மூலை ரெண்டு தடவை வந்துடும், அந்த ஒரு மூலை மட்டுமே 4 சதுர அடிக்கு மேல. சரியா எடுத்தா முதல் பீஸ் 120 × 25, ரெண்டாவது பீஸ் 71 × 25, மொத்தம் 33 சதுர அடி. சிங்க், அடுப்பு ஓட்டைய கழிக்கக்கூடாது, அந்தக் கல்லுக்கும் சேத்துதான் காசு குடுக்கப்போறீங்க.

படி ரெண்டு ஓட்டமா போகுது, ஒவ்வொரு ஓட்டத்துலயும் 9 மிதி, அதாவது கால் வைக்கிற கல்லு, நடுவுல ஒரு லேண்டிங். படி அகலம் 42 இஞ்சு, ஒவ்வொரு படியும் உயரம் 6 இஞ்சு. இங்கதான் நிறைய பேர் 18 பீஸ்னு எண்ணிட்டுப் போய் நிக்கிறாங்க. ஒவ்வொரு ஓட்டமும் மேல போய் முட்டுற இடத்துல, அதாவது லேண்டிங் ஓரத்துலயும் மாடித்தளத்து ஓரத்துலயும் ஒரு மூக்கு பீஸ் வேணும், இல்லன்னா கடைசி ரைசருக்கு, அதாவது படியோட நிமிர்ந்த முகத்துக்கு மேல தரை டைல்ஸோட வெட்டுவாய் தெரிஞ்சுட்டு நிக்கும். எத்தனை ரைசரோ அத்தனை மூக்கு பீஸ், இதை மட்டும் ஞாபகம் வெச்சா போதும். நம்ம கணக்குல 20 ரைசர், அப்போ 20 பீஸ்.

மிதியோட அகலத்துலயும் ஒரு சிக்கல். படி 10 இஞ்சுன்னா கல்லும் 10 இஞ்சு இல்ல. முன்னாடி மூக்கு 1 இஞ்சு நீட்டணும், பின்னாடி அடுத்த ரைசர் கல்லு இதுமேல உக்கார 1 இஞ்சு உள்ள போகணும், அப்போ 12 இஞ்சு. ரைசர் கல்லு 6 இஞ்சுல மேல வர்ற மிதியோட தடிமன் முக்கால் இஞ்சு கழிஞ்சு 5¼ இஞ்சு. மிதி 20க்கு 70 சதுர அடி, ரைசர் 20க்கு 31 சதுர அடி.

ஆக மேடையும் மிதியும் மட்டும்னா 103, ரைசரும் கிரானைட்டேன்னா 134. மேஸ்திரி கணக்குப்படி 134ல 10 சதவீதம் சேத்தா 147 வரும். அது எந்த வழிலயும் பத்தாது, கீழ பாருங்க.

இன்னொரு விஷயம், ஒவ்வொரு வெட்டுக்கும் கால் இஞ்சு பிளேடு தின்னுடும்னு வெச்சுக்கோங்க. பிளேடு தடிமன் அதைவிட கம்மிதான், ஆனா ஓரம் தேய்க்கிறதும் சேத்தா கால் இஞ்சு விட்டாதான் நிம்மதி.

## வழி 1: ரெண்டுக்கும் பெரிய ஸ்லாப்

ஓரம் கழிச்சு உபயோகப்படுற அளவு 128 × 72 இஞ்சுனு வெச்சுப்போம், 64 சதுர அடி.

முதல் ஸ்லாப்ல நீளவாக்குல 25 இஞ்சு பட்டை ரெண்டு எடுத்தா மேடை முடிஞ்சுது, 10 அடி பீஸ் ஜாயிண்ட் இல்லாம ஒரே கல்லு, மூலைல ஒரு ஜாயிண்ட் மட்டும்தான். மிச்சம் ரெண்டு துண்டு வருது. ரெண்டாவது பட்டையோட வாலு 56 இஞ்சு நீளம், அதுல ரெண்டு மிதி. கீழ 21½ இஞ்சு அகலத்துல முழு நீளப் பட்டை ஒண்ணு, அதுல மூணு மிதி. ரெண்டாவது ஸ்லாப்ல நீளத்துக்கு மூணு, அகலத்துக்கு அஞ்சுன்னு 15 மிதி. மொத்தம் 20, ரெண்டே ஸ்லாப்ல மேடையும் எல்லா மிதியும் வந்துடுச்சு, 128 சதுர அடி.

மாத்து பீஸ் எங்கன்னு கேப்பீங்க. ரெண்டாவது ஸ்லாப்ல 10¾ இஞ்சு பட்டை ஒண்ணு மிச்சம் நிக்கும். லேண்டிங் ஓரத்துக்கும் மாடித்தளத்து ஓரத்துக்கும் வர்ற ரெண்டு பீஸுக்குப் பின்னாடி ரைசர் உக்காரப்போறதில்ல, அதனால அதுக்கு 12 இஞ்சு தேவையே இல்ல, இந்த 10¾ இஞ்சு பட்டைலயே வெட்டிக்கலாம். அப்போ 12 இஞ்சு பீஸ் ரெண்டு கைல மிஞ்சுது, அதுதான் உங்க மாத்து. இதை வெட்டுறவர்கிட்ட முன்னாடியே சொல்லணும், இல்லன்னா அந்தப் பட்டை குப்பைக்குதான் போகும்.

ஸ்லாப் நீளத்துல ஒரு கண்ணு வைங்க. 42 மூணு தடவைன்னா 126, அதனால 126 இஞ்சு ஸ்லாப் கச்சிதமா இருக்கேன்னு தோணும். நடுவுல ரெண்டு வெட்டு விழுது, அரை இஞ்சு போயிடும், மூணாவது பீஸ் குட்டையாயிடும். சுவர் பக்கம் ஸ்கர்ட்டிங் வந்து மறைக்கும்னா சமாளிக்கலாம், ரெண்டு பக்கமும் திறந்த படின்னா அசிங்கமா தெரியும்.

இப்போ ரைசரும் கிரானைட்லயே வேணும்னு முடிவு பண்ணா கதையே மாறிடுது. முதல் ஸ்லாப் மிச்சத்துல 3 ரைசர் வரும், ரெண்டாவது ஸ்லாப்போட 10¾ இஞ்சு பட்டைல 6 வரும், பாக்கி 11 ரைசருக்கு மூணாவது ஸ்லாப்பை முழுசா வாங்கணும். 17 சதுர அடி தேவைக்கு 64 சதுர அடி! அந்த ஸ்லாப்ல மூணுல ரெண்டு பங்கு சும்மா நிக்கும். லேண்டிங் தரைக்கும் அதே கல்லு போடுற ஐடியா இருந்தா அது அங்க போயிடும், நஷ்டம் இல்ல. இல்லன்னா ரைசருக்கு டைல்ஸோ வேற கல்லோ போட்டுட்டு ரெண்டு ஸ்லாப்போட நிறுத்திக்கறது புத்திசாலித்தனம்.

வெளிய தெரியாத செலவு தூக்குற கூலி. 18 மில்லி தடிமன்ல இந்த ஸ்லாப் ஒண்ணு கிட்டத்தட்ட 290 கிலோ, ஆள் வெச்சு சைட்டுல இறக்கி வெட்டுற சமாச்சாரம் இல்ல, கடைலயே மெஷின்ல வெட்டித்தான் எடுத்துட்டு வரணும். அந்த 10 அடி மேடை பீஸ் மட்டுமே 90 கிலோவுக்கு மேல. கிச்சன் மாடில இருந்தா 42 இஞ்சு படில லேண்டிங்ல அது திரும்புமானு வெறும் 10 அடி பலகையோ பைப்போ வெச்சு ஒரு தடவை ஓட்டிப் பாத்துடுங்க. திரும்பாதுன்னா எப்படியும் ரெண்டாத்தான் வெட்டணும், அப்புறம் ஜாயிண்ட் இல்லாத மேடைக்காக பெரிய ஸ்லாப் வாங்குறதுல அர்த்தமே இல்லாம போயிடும்.

## வழி 2: ரெண்டுக்கும் கட்டர் ஸ்லாப்

இது அகலம் கம்மி. 88 × 30 இஞ்சு எடுத்துக்கறேன், ஒண்ணு 18⅓ சதுர அடி. இந்த 30ஐ சும்மா எடுக்கல. ரெண்டு மிதி 12, 12, அதோட ஒரு ரைசர் 5¼, நடு வெட்டு ரெண்டு, கூட்டுனா 29¾ இஞ்சு. கிட்டத்தட்ட ஸ்லாப்போட முழு அகலமும் வேலைக்கு வந்துடுது. நீளத்துல 42 ரெண்டு. ஒரு ஸ்லாப்ல 4 மிதி 2 ரைசர், குப்பைன்னு போறது ஒரு சதுர அடி சொச்சம்தான். இதே கல்லு 27 இஞ்சு அகலத்துல வந்தா ரைசர் கிடையாது, ரெண்டரை இஞ்சு பட்டை வீணாப்போகும். கட்டர் ஸ்லாப்ல அகலம் மூணு இஞ்சு கூட குறைய இருக்குறதே மொத்தக் கணக்கையும் மாத்திடும், அதனால கடைக்குப் போறப்போ டேப்போட போங்க, ஒவ்வொரு ஸ்லாப்பும் ஒரே அகலம்னு நம்பாதீங்க.

படிக்கு இவ்ளோ அழகா பொருந்துற ஸ்லாப் மேடைக்கு அவ்ளோ நல்லா இல்ல. 120 இஞ்சு பீஸ் 88ல வராது, 75ம் 45ம்னு ரெண்டா வெட்டி ஒட்டணும். மூலை ஜாயிண்டோட சேத்து ரெண்டு ஜாயிண்ட். மேடைக்கு 3 ஸ்லாப் போகுது, மூணாவதுல மிஞ்சுற பாதில ரெண்டு மிதி கிடைக்கும். மீதி 18 மிதிக்கு அஞ்சு ஸ்லாப். மொத்தம் 8 ஸ்லாப், 147 சதுர அடி, அரை ஸ்லாப் மிஞ்சுது, அது ரெண்டு மாத்து மிதி.

பெரிய ஸ்லாப்ல 128தானே வந்துச்சு, இது தோத்துடுச்சேன்னு நினைக்காதீங்க. இந்த 8 ஸ்லாப்லயே 10 ரைசர் கூடவே வந்துடுச்சு. இன்னும் ஒரே ஒரு ஸ்லாப் வாங்குனா ஒவ்வொரு பாதிலயும் 5ன்னு பாக்கி 10 ரைசரும் முடிஞ்சுது. 9 ஸ்லாப், 165 சதுர அடி. அங்க 192.

ஜாயிண்ட் எங்க வரணும்கிறத நீங்களே சொல்லுங்க, வெட்டுறவர் கைல விடாதீங்க. அடுப்பு ஓட்டைக்கும் சிங்க் ஓட்டைக்கும் நடுவுல, ரெண்டுலருந்தும் தள்ளி இருக்கணும். 25 இஞ்சு கல்லுல 16 இஞ்சு சிங்க் ஓட்டை போட்டா முன்னாடியும் பின்னாடியும் நாலரை இஞ்சு கல்லுதான் மிஞ்சுது, மேடைலயே பலவீனமான இடம் அதுதான், அதுலயே ஜாயிண்டையும் கொண்டு வந்து வெக்கக்கூடாது. ஓட்டையோட மூலைல முதல்ல டிரில் போட்டு வட்டமா விட்டுட்டு அப்புறம் வெட்டச் சொல்லுங்க, கட்டர் மூலையத் தாண்டி ஓடுன கீறல் இருந்தா பின்னாடி விரிசல் அங்கருந்துதான் கிளம்பும்.

கட்டர் ஸ்லாப்ல இன்னொரு தலைவலி தடிமன். சில ஸ்லாப் 16 மில்லி, சிலது 19ன்னு வரும். மேடைல ஜாயிண்ட்ல விரல் வெச்சா மேடு தட்டும், படில கலவை போட்டு சமம் பண்ணிக்கலாம் ஆனா முன்னாடி மூக்கு ஒண்ணு தடியாவும் ஒண்ணு மெலிசாவும் தெரியும். ஸ்லாப் பொறுக்குறப்போவே ஓரத்துல தடிமன் அளந்து ஒரே மாதிரி இருக்குறத தனியா எடுத்து வைங்க. மேல தண்ணி ஊத்தி காய விட்டுப் பாருங்க, மத்த இடம் காஞ்ச பிறகும் மெல்லிசா ஒரு ஈரக்கோடு நின்னா அது விரிசல்.

## வழி 3: மேடைக்கு பெரிய ஸ்லாப், படிக்கு ரெடி பீஸ்

மேடைக்கு ஒரு பெரிய ஸ்லாப், 64. படிக்கு உங்க அளவுக்கு வெட்டுன பீஸ் மாத்து ரெண்டோட 77 சதுர அடி, ரைசரோட சேத்தா 108. ஆக 141 இல்லன்னா 172. படி பக்கம் வெட்டு நஷ்டம் உங்க தலைல இல்ல, ஆனா மேடை ஸ்லாப்ல பாதி மிச்சம் நிக்கும். ஜன்னல் திண்டு, வாசப்படி, பாத்ரூம் வாஷ்பேசின் மேடைன்னு போட இடம் இருந்தா அது நஷ்டம் இல்ல. அப்படி எதுவும் இல்லன்னா இந்த வழி வேண்டாம்னுதான் சொல்லுவேன், ஒரே ஒரு விதிவிலக்கு கீழ வரும்.

ரெடி பீஸ்ல மாட்டுற இடம் ஸ்டாண்டர்ட் நீளம். உங்க படி 42, கடைல இருக்குறது 48ன்னா பீஸுக்கு அரை சதுர அடி வெட்டிப் போடணும், 20 பீஸுக்கு 10 சதுர அடி, அதோட வெட்டு திறந்த பக்கம் விழுந்தா ஏற்கனவே பண்ண ஓர பாலிஷ் போயிடும், திரும்ப சைட்டுல கைமெஷின்ல போடணும், அந்த பளபளப்பு மெஷின் பாலிஷ் மாதிரி வராது.

விதிவிலக்கு என்னன்னா, படிக்கு பளபளன்னு பாலிஷ் வேண்டாம்னு நினைக்கிறவங்க. வெளிப்படி, தண்ணி படுற படி, வயசானவங்க ஏறுற படின்னா சொரசொரப்பான ஃபினிஷ்தான் நல்லது. மேடைக்கு பாலிஷ் கல்லு, படிக்கு வேற ஃபினிஷுன்னா ரெண்டும் ஒரே ஸ்லாப்ல வராது, மிச்சத்த இங்க அங்க மாத்திப் போடுற வழி 1ஓட பலமும் போயிடுது. அப்போ இதுதான்.

## ஓர பாலிஷ்: மூணுக்கும் ஒரே அளவு, பில்லு மட்டும் வேற வேற

மேடைல கண்ணுக்குத் தெரியுற முன் ஓரம் மட்டும்தான் கணக்கு. 10 அடி பக்கத்துல மூலைக்கு ஒட்டுற 25 இஞ்சு போக 95, அந்தப் பக்கம் 71, கடைசில திறந்த முனை ஒண்ணு 25. மொத்தம் 191 இஞ்சு, 16 ரன்னிங் அடி. சிங்க் கல்லுக்கு அடில மாட்டுற மாடல்னா ஓட்டையோட உள் ஓரமும் தெரியும், 20 × 16 ஓட்டைக்கு 6 அடி சேத்துக்கோங்க. மேல உக்கார்ற சிங்க்னா தேவையில்ல.

படில முன் மூக்கு 3½ அடி 20 பீஸுக்கு 70. ஒரு பக்கம் கைப்பிடி திறந்த பக்கம்னா 18 மிதிக்கு ஒவ்வொரு அடி, 18. ஆக 88. மேடையோட 104 ரன்னிங் அடி. ரைசருக்கு ஓர பாலிஷ் கிடையாது, மேல மிதி மறைச்சுடும்.

இந்த 104ஐ எழுதி வெச்சுக்கிட்டு பில்லைப் பாருங்க. மிதிக்கு நாலு பக்கமும் சுத்தளவு போட்டா ஒரு பீஸ் 9 அடி, 20 பீஸுக்கு 180 அடி ஆகும், 88 இருக்க வேண்டிய இடத்துல. வழுக்காம இருக்க மிதில போடுற கோடு இன்னொண்ணு. பீஸுக்கு ரெண்டு கோடுன்னா 7 அடி, 20க்கு 140 ரன்னிங் அடி, கோட்டுக்கு தனியா அடி கணக்குல காசுன்னா ஓர பாலிஷையே தாண்டிடும், அதை பீஸ் கணக்குல பேசுங்க. ஹாஃப் ரவுண்ட், ஃபுல் ரவுண்ட், ரெண்டு கல்லு ஒட்டி தடிமனா காட்டுற டபுள் மோல்டிங் எல்லாத்துக்கும் ரேட் வேற. டபுள் மோல்டிங்னா கீழ ஒட்டுற 2 இஞ்சு பட்டைய மிச்சத் துண்டுலருந்து எடுக்கச் சொல்லுங்க, மேடையோட 16 அடிக்கு 3 சதுர அடிகூட ஆகாது, வழி 1லயும் 2லயும் அதுக்குத் தேவையான பட்டை மிச்சத்துலயே இருக்கு. வழி 3ல ரெடி பீஸ் ரேட்டுக்குள்ளயே முன் ஓரம் அடங்கியிருக்கலாம், ஆனா திறந்த பக்கம் அந்த 18 அடி அடங்கியிருக்கானு கேட்டுக்கோங்க.

## பக்கத்துல பக்கத்துல வெச்சா

| | பெரிய ஸ்லாப் | கட்டர் ஸ்லாப் | மேடை ஸ்லாப் + ரெடி பீஸ் |
|---|---|---|---|
| மேடை + மிதி மட்டும் | 128 சதுர அடி | 147 | 141 |
| ரைசரும் சேத்து | 192 | 165 | 172 |
| மேடை ஜாயிண்ட் | 1 | 2 | 1 |
| மாத்து மிதி | 2 | 2 | 2, தனியா வாங்குனது |
| கவனிக்க வேண்டியது | தூக்குறது, மாடி திருப்பம் | அகலம், தடிமன் வித்தியாசம் | மிச்சக் கல்லு, ஸ்டாண்டர்ட் நீளம் |

## அப்போ யாருக்கு எது

ரைசருக்கு டைல்ஸ் போடுறவங்க, கிச்சன் தரைத்தளத்துல இருக்குறவங்க, கண்ணை மூடிட்டு பெரிய ஸ்லாப் ரெண்டு வாங்கலாம். ரேட் கட்டர் ஸ்லாப்பை விட ஏறத்தாழ ஏழுல ஒரு பங்கு வரைக்கும் அதிகமா இருந்தாக்கூட கல்லு செலவு சமமாதான் நிக்கும், ஏன்னா வாங்குற அளவு அவ்ளோ கம்மி. அதுக்கு மேல வித்தியாசம்னா ஒரு ஜாயிண்ட் கம்மியாகுறதுக்கு அவ்ளோ குடுக்கலாமானு நீங்கதான் முடிவு பண்ணணும்.

ரைசரும் கிரானைட், கல்லு ஒரே கலர் புள்ளி டிசைன்னா கட்டர் ஸ்லாப்தான். அலை அலையா கோடு ஓடுற கல்லுன்னா கட்டர் ஸ்லாப்ல ஜாயிண்ட் தாண்டி கோடு சேராது, மேடை வெட்டுப்பட்ட மாதிரி இருக்கும், அதுக்கு பெரிய ஸ்லாப்பே மேல்.

உங்க படி 42 இல்லாம 36ஓ 48ஓன்னா என் நம்பரை அப்படியே எடுக்காதீங்க. கிராஃப் பேப்பர்ல ஒரு கட்டம் ஒரு இஞ்சுன்னு கடைல இருக்குற ஸ்லாப்பை வரைஞ்சு, பெரிய பீஸ்லருந்து ஆரம்பிச்சு மேடை, அப்புறம் மிதி, கடைசில ரைசர்னு அடுக்குங்க, வெட்டுக்கு வெட்டு கால் இஞ்சு விடுங்க. அதே பேப்பரை வெட்டுறவர் கைல குடுத்துட்டு, மிச்சத் துண்டெல்லாம் வண்டில ஏத்திடணும்னு அட்வான்ஸ் குடுக்குறதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க.